உள்ளீட்டு வரி வரவு: உற்பத்தியாளர் முதல் சில்லறை வியாபாரி வரை

கேள்வி: உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என மூன்று பேரும் வரி கட்டினால் ஒரே பொருளுக்கு மூன்று முறை வரி விழாதா?

விழாது. விற்கும்போது வசூலித்த வரியில், வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்து மீதியை மட்டும் ஒவ்வொருவரும் செலுத்துகிறார். அப்படிக் கழித்துக்கொள்ளும் வரிதான் உள்ளீட்டு வரி வரவு.

வரி 10% என்று வைப்போம். உற்பத்தியாளர் 1,000க்கு மூலப்பொருள் வாங்கும்போது கொடுக்கும் வரி 100. அதை அவருக்கு விற்றவர் அரசுக்குக் கட்டிவிடுகிறார். உற்பத்தியாளர் 1,500க்கு விற்று 150 வசூலிக்கிறார், 50 கட்டுகிறார். மொத்த வியாபாரி 1,800க்கு விற்று 30 கட்டுகிறார். சில்லறை வியாபாரி 2,200க்கு விற்று 40 கட்டுகிறார். மொத்தம் 220, அதாவது கடைசி விலையில் சரியாக 10%. சுமப்பவர் நுகர்வோர் மட்டுமே.

கவனிக்க வேண்டியது சங்கிலி நடுவில் அறுந்தால் நடப்பதுதான். மொத்த வியாபாரி வரிப்பதிவு இல்லாதவர் என்றால், கொடுத்த 150ஐ அவரால் கழிக்க முடியாது. விலையில் ஏற்றி 1,950க்கு விற்பார். அவருடைய பில்லில் வரி இல்லாததால் சில்லறை வியாபாரிக்கும் கழிக்க எதுவும் கிடைக்காது. அதே 400 லாபம் வைத்து 2,350க்கு விற்றால் முழு 235ஐயும் கட்ட வேண்டும். நுகர்வோர் 2,420க்குப் பதில் 2,585 கொடுக்கிறார். கூடுதல் 165இல் 150 கழிக்கப்படாத வரி. 15 அந்த வரியின் மேலேயே விழுந்த வரி. பதிவுள்ள வியாபாரிகள் வரி பில் கேட்டு வாங்குவது இதனால்தான்.