பெட்டி 280 ரூபாய்த் தக்காளியை என்ன விலைக்கு விற்பது?

கேள்வி: ஐயா, பழனி பக்கம் ஒன்றரை ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கிறேன். ரோட்டோரத்தில் சொந்தக் கடை. தக்காளி மட்டும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வாங்குகிறேன். 14 கிலோ பெட்டி 280 ரூபாய். இரண்டு நாளைக்கு ஒரு தடவை 10 பெட்டி எடுக்கிறேன். வண்டி வாடகை 450. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சுங்கம் சேர்த்து 150. கிலோ 20-க்கு வாங்கி 30-க்கு விற்றும் கையில் காசு நிற்கவில்லை. எத்தனை சதவீதம் வைத்து விற்க வேண்டும்? பழம் அழுகாமல் இருக்க மருந்து தெளிக்கலாமா?

பதில்: மருந்து வேண்டாம். கேட்டால் உரக்கடையில் ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் குழம்புக்குப் போகிற பழத்தில் பூஞ்சணக்கொல்லி அடிப்பது செய்யக்கூடாத வேலை.

சதவீதத்தையும் மறந்துவிடுங்கள். ஒரு லோடுக்கு நீங்கள் போடும் மொத்தப் பணம் 3,400 ரூபாய். அதை 140 கிலோவால் வகுக்கக்கூடாது, முழு விலைக்கு விற்கிற கிலோவால் வகுக்க வேண்டும். இந்த மாதிரிக் கடைகளில் நான் பார்க்கிற அளவை வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். உங்கள் தராசில் நிறுத்தால் 140 என்பது 136 ஆக இருக்கும். இறக்கும்போதே நசுங்கினதும் வெடித்ததுமாக 8 கிலோ போகும். மீதி 128-ல் 100 கிலோ 30 ரூபாய்க்கு நகரும். இரண்டாம் நாள் சாயங்காலம் தொட்டால் அமுங்குகிற 20 கிலோவை 15 ரூபாய்க்குத் தள்ளிவிடுவீர்கள். மிச்சம் 8 கிலோ அழுகல், காய்ந்து எடை குறைவது, தட்டு சாய நிறுத்துக் கொடுப்பது, கொசுறு என்று கரைந்துவிடும்.

வரவு 3,000-மும் 300-ம், ஆக 3,300. லோடுக்கு 100 ரூபாய் நஷ்டத்தில் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். மட்டப் பழத்தில் வரும் 300-ஐக் கழித்து, மீதி 3,100-ஐ 100 கிலோவால் வகுத்தால் 31. அது வெறும் அசல். இரண்டு நாள் கடைச் செலவிலும் உங்கள் கூலியிலும் தக்காளியின் பங்கு 700 என்று வைத்தால் 38 ரூபாய்க்கு விற்க வேண்டும்.

வாங்கின விலையோடு ஒப்பிட்டால் இது 90 சதவீதம் கூடுதல். 2023 ஜூலை மாதிரி கிலோ 100 ரூபாய்க்கு வாங்கும் நிலை வந்தால் இதே 90-ஐ வைப்பீர்களா? வண்டி வாடகையும் கூலியும் அப்போதும் அதே 600 தான். மட்டப் பழத்தை வாங்கின விலையில் பாதிக்குக் கொடுத்தாலும் 143-ல் கணக்கு நேராகிவிடும். அதாவது 43 சதவீதம். அதனால்தான் ஒரே சதவீதத்தை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

சரி, பக்கத்துக் கடையில் 34 என்றால் உங்கள் 38-க்கு யார் வருவார்கள்? விலையை ஏற்றுவதைவிட அந்த 100 கிலோவை 115 ஆக்கப் பாருங்கள். மட்டப் பழம் 10 கிலோவாகக் குறைந்து, அதில் 150 ரூபாய் மட்டும் வந்தாலும் 34, 35-க்குள் விற்கலாம். பாதிப் பெட்டிகளைச் செங்காயாக எடுங்கள். இரண்டாம் நாளுக்கு அதுதான் நிற்கும். வந்தவுடன் கொட்டிப் பிரித்து, நிழலில் இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் பரப்புங்கள். கீரைக்குத் தெளிக்கிற தண்ணீரைத் தக்காளி மேல் தெளிக்காதீர்கள். கீறல் விட்ட பழத்தில் ஈரம் பட்டால் ராத்திரிக்குள் பக்கத்துப் பழமும் கெட்டுவிடும்.

இதையெல்லாம்விட நான் வற்புறுத்துவது அழுகல் வாளியைத்தான். கடை சாத்தும்போது அதைத் தராசில் வைத்து, தேதியோடு, எந்த மண்டிப் பெட்டி என்றும் எழுதுங்கள். 'பத்து சதவீதம் போகும்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர்கள் யாரும் வாளியை நிறுத்துப் பார்த்தவர்கள் இல்லை. மழைக்காலக் கழிவும் கோடைக் கழிவும் ஒன்றாக இருக்காது. இரண்டு வாரம் எழுதினால், மேலடுக்கில் பளபளப்பாக அடுக்கிவிட்டு அடியில் மட்டத்தைப் போட்டு ஏமாற்றுகிற மண்டி எது என்று நோட்டே காட்டிவிடும். 'அடுத்த லோடில் கொடுங்க' என்று கடன் சொல்கிற மண்டிதான் பெரும்பாலும் அது. கடன் இருக்கிற கடையில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்க உங்களுக்கு வாய் வராது, அது மண்டிக்காரருக்கும் தெரியும். ரொக்கம் கொடுத்து, ஒரு பெட்டியையாவது கொட்டிப் பார்த்து வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. தக்காளியில் நஷ்டம் என்றால் இவ்வளவு நாள் கடை எப்படி ஓடியது? உங்கள் கத்தரியும் வெண்டையும் கடைக்குச் சும்மா வருவதாக நினைத்து எல்லாக் காசையும் ஒரே கல்லாவில் போடுகிறீர்கள். தோட்டத்துக் கூலி தக்காளி நஷ்டத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. இனி தோட்டத்திலிருந்து வரும் காயை அன்றைய மண்டி விலைக்குக் கடை வாங்கியதாக எழுதுங்கள். மண்டிக்குக் கொண்டுபோயிருந்தால் ஆகும் கமிஷனையும் வண்டிச் செலவையும் கழித்து, உங்கள் கைக்கு என்ன வந்திருக்குமோ அந்த விலை.

அப்படி ஒரு மாதம் எழுதியும் தக்காளி தேறவில்லை என்றால், தக்காளி இல்லாத கடைக்குக் கூட்டம் வராது என்பதற்காக லோடுக்கு நாலு பெட்டி மட்டும் எடுங்கள். ஆனால் தனி வண்டி வைக்காதீர்கள். மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப் போய்க் காலியாகத் திரும்புகிற வண்டி உங்கள் ஊருக்கே வரும், அதில் பெட்டிக்கு இவ்வளவு என்று பேசிப் போட்டுக்கொண்டு வாருங்கள்.