சாட்டின் தையல் இழுக்கிறதா? முதலில் நூலை அறுத்துப் பாருங்கள்

"அண்ணாச்சி, மகளுக்கு மெல்லிசான சாட்டினில் கவுன் தைத்தேன். பக்கத் தையல் இரண்டும் மேலிருந்து கீழ்வரை சுருக்குச் சுருக்காக இழுத்துக்கொண்டு நிற்கிறது. மேல் டென்ஷனைத் தளர்த்திவிட்டேன், அடியில் நூல் வளையம் வளையமாக வந்ததுதான் மிச்சம். பருத்தித் துணி நன்றாகத்தான் வருகிறது. மிஷின் கோளாறா?" - ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

மிஷினைக் குறை சொல்லாதீங்கம்மா. டென்ஷன் நட்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். வெட்டு மீதியில் ஒரு சாண் நீளத்துக்கு, பாவு நூல் ஓடும் திசையிலேயே ஒரு துண்டு எடுத்து, மடிக்காமல் ஒற்றைத் துணியாக ஒரு தையல் ஓட்டுங்கள். அது தட்டையாக வந்து, இரண்டு துணி சேர்த்தால் மட்டும் சுருங்கினால், மேல் துணியும் கீழ்த் துணியும் ஒரே வேகத்தில் நகரவில்லை என்று அர்த்தம். ஃபுட் அழுத்தம் அதிகம், மேலே உள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும்.

ஒற்றைத் துணியே சுருங்குகிறதா? அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிளேடு முனையால் மூன்று நான்கு தையலுக்கு ஒருமுறை நூலை அறுத்துவிட்டுத் தடவிப் பாருங்கள். துணி உடனே படிந்தால் குற்றவாளி டென்ஷன். அறுத்த பிறகும் சுருக்கம் அப்படியே நின்று, நூலை உருவி எடுத்தால்தான் படிகிறது என்றால், அது இட நெருக்கடி. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, அதனால்தான் நட்டை மட்டும் திருகிக்கொண்டே இருந்தால் விடியாது.

இட நெருக்கடி எப்படி வருகிறது என்றால், சாட்டினில் இழைகள் இடைவெளியே இல்லாமல் நெருங்கிக் கிடக்கும். பாபநாசம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்து இடித்துக்கொண்டு உட்காருவது போல, ஊசி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் தையல் நூல் உள்ளே புகுந்து இழைகளைத் தள்ளுகிறது. தள்ளத் தள்ளத் தையல் கோடு மட்டும் கொஞ்சம் நீள்கிறது, பக்கத்துத் துணி நீளவில்லை, அந்த உபரிதான் சுருக்கமாக எழும்பி நிற்கிறது. நூல் டென்ஷனை எவ்வளவு குறைத்தாலும் நூல் அங்கே உட்கார்ந்திருக்கத்தானே செய்யும்?

அதனால் ஊசியை மாற்றுங்கள். எல்லாத் துணிக்கும் 16-ம் நம்பரையே போட்டு ஓட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். அது 1 மில்லிமீட்டர் பருமன். 11-ம் நம்பர் 0.75 தான். மிக மெல்லிசுக்கு 9 போடலாம், ஆனால் தடித்த நூலை அதன் காதில் திணித்தால் நூல் உராய்ந்து அறுந்துபோகும், மெல்லிய நூலும் சேர்த்து வாங்குங்கள். ஊசி புதிதாக இருக்கட்டும். டக் டக்கென்று சத்தம் கேட்டு, தையலிலிருந்து குறுக்கே ஒரு இழை இழுபட்டுக் கோடு விழுந்தால் முனை மழுங்கிவிட்டது.

அடுத்தது தையல் நீளம். பொடித் தையல்தான் உறுதி என்று பலரும் ஒரு இஞ்சுக்கு 16, 17 தையல் வைக்கிறார்கள். சாட்டினில் அது 17 ஆளை ஏற்றுவது. டேப் வைத்து எண்ணி, இஞ்சுக்கு 10 அல்லது 11 வருகிற மாதிரி வையுங்கள், அதாவது சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அதற்காக ரொம்ப நீட்டிவிடவும் கூடாது. பாவாடைக்குச் சுருக்கு வைக்கப் பெரிய தையல் போட்டு நூலை இழுக்கிறோமே, அதுவே இங்கேயும் நடந்துவிடும்.

இனி டென்ஷன். நீங்கள் மேலே மட்டும் தளர்த்தினீர்கள், பாபின் நூல் கம்பி மாதிரி விறைப்பாகவே இருந்தது, அதனால்தான் அடியில் வளையம். முதலில் பாபின் கேஸை நூலில் தொங்கவிடுங்கள். ஒரு சின்ன உதறலுக்கு ஒரு இஞ்சாவது இறங்க வேண்டும். அசையாமல் தொங்கினால் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, அதன் பிறகு முடிச்சு துணிக்கு நடுவில் விழும் வரை மேல் நட்டைச் சரிசெய்யுங்கள். பாலியஸ்டர் நூலைப் பாபினில் வேகமாகச் சுற்றினால் அது நீண்ட நிலையிலேயே உள்ளே கிடக்கும், தைத்த பிறகு சுருங்கித் துணியையும் கூட இழுத்துக்கொள்ளும். தைக்கும்போது நன்றாக இருந்து மறுநாள் சுருங்குவது பெரும்பாலும் இதனால்தான். மெதுவாகச் சுற்றுங்கள்.

இத்தனை செய்தும் நேர்ப் பாவில் ஓடும் தையலில் லேசான சுருக்கம் மிஞ்சலாம். வீரவநல்லூரில் தறி போடுகிறவர்களைக் கேட்டால், பாவு எவ்வளவு விறைப்பு என்று சொல்வார்கள். கோணத்தில் போகும் தையல் அவ்வளவு சுருங்காது, ஆகவே அடுத்த கவுனுக்குப் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்து, கலி மாதிரி வெட்டுங்கள்.

இப்போது உள்ளதைப் பிரித்தால் பழைய ஊசி ஓட்டை சாட்டினில் மறையாது. அதே கோட்டில் தைக்காமல் ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச் அளவு உள்ளே தள்ளித் தைத்தால் ஓட்டைகள் தையல் விளிம்புக்குள் போய்விடும். கவுன் அதற்கு இடம் கொடுக்குமா என்று பிள்ளைக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.