சேமிப்பு காலியானால் ஹீமோகுளோபின் சொல்லாது

கர்ப்பத்துக்கு முன் ஹீமோகுளோபின் 12.2 இருந்ததே, ஏழாம் மாதத்தில் 9.8 ஆனது எப்படி?

12.2 என்பது ரத்தத்தில் ஓடும் இரும்பின் கணக்கு. உடலின் இரும்புச் சேமிப்பை ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவுதான் காட்டும். ஒரு மாதவிடாயில் 40 மில்லி ரத்தம் போனாலே 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போய்விடும். சாப்பாடு அதை ஈடுகட்டாவிட்டால் சேமிப்பு கரையும். பலருக்கு 300 மில்லிகிராம்கூடத் தேறாது. கர்ப்பத்துக்கோ மொத்தம் சுமார் 1000 வேண்டும், பெரும்பகுதி ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு. பிளாஸ்மா கூடி ரத்தம் நீர்ப்பதும் அளவைச் சற்று இறக்கும். ஆனால் ஏழாம் மாதத்தில் 11க்குக் கீழே என்றால் ரத்தசோகைதான்.

ஃபோலேட் என்ற பி வைட்டமினின் தேவையும் நாளுக்கு 400லிருந்து 600 மைக்ரோகிராமாகும். கருவுற்ற 28 நாளுக்குள் கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் மூடிவிடுவதால், ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். இரும்புக் குறைவில் சிவப்பணு சிறுக்கும், ஃபோலேட் குறைவில் பெரிதாகும். இரண்டு குறைவும் சேர்ந்தால் சிவப்பணுவின் சராசரி அளவு இயல்பாகத் தெரிந்து ஏமாற்றும்.