180 எம்பி கேம் ஏன் இன்னும் 1.6 ஜிபி கேட்கிறது?

"குடியாத்தத்தில் இருக்கிறேன். 180 எம்பி என்று போட்டிருந்த கேமை நிறுவித் திறந்தால் மேலும் 1.6 ஜிபி கேட்கிறது. என் டேட்டா நாளுக்கு 1.5 ஜிபிதான். பாதியில் நின்றதால் Clear storage கொடுத்தேன். மறுபடி முதலிலிருந்து கேட்கிறது. வைரஸா?"

வைரஸ் அறிகுறி இல்லை, தம்பி. கேமுக்குள்ளேயே கேட்டால் இது வழக்கமானதுதான். பிளே ஸ்டோர் அடிப்படைச் செயலியின் அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறது. அதனால் கேமை இயக்கும் நிரல் மட்டும் முதலில் வருகிறது. வரைபடங்கள், உருவங்கள், ஒலிகள் எல்லாம் வளத் தொகுப்புகளாக, பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த சர்வரிலிருந்து பிறகு வருகின்றன. இதில் ஒரு நன்மை உண்டு: புதிய வரைபடம் சேர்த்தால் அந்தத் தொகுப்பை மட்டும் அனுப்பினால் போதும்.

உங்களைக் கெடுத்தது Clear storage. தொகுப்பு பல துண்டுகளாக இறங்கும். முடிந்த துண்டுகள் போனில் தங்கியிருப்பதால், பல கேம்களில் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நீங்கள் அந்தத் துண்டுகளையே அழித்துவிட்டீர்கள். இடம் வேண்டுமென்றால் Clear cache மட்டும் கொடுங்கள்.

இன்று 1.4 ஜிபி இறக்கி நிறுத்துங்கள். மீதி 200 எம்பியை நாளை இறக்குங்கள். காட்பாடிப் பக்கம் வைஃபை உள்ள உறவினர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. போனில் 4 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். தொகுப்பு சுருக்கிய கோப்பாக இறங்கும்; அதை விரிக்கும்போது சுருக்கிய கோப்பும் விரித்த கோப்பும் சிறிது நேரம் சேர்ந்தே இருக்கும். 99 சதவீதத்தில் நின்றால் முதலில் இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேமின் அமைப்புகளில் உயர்தரப் படங்கள், கூடுதல் குரல் மொழி என்று தனித் தொகுப்புகள் இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.