ஒரு செல்லில் இரட்டை கிளிக் செய்தால் 412 பேர் வந்து நின்றார்கள்

கேள்வி: ஆபீஸில் எம்ஐஎஸ் ரிப்போர்ட் நான்தான் போடுகிறேன். பழைய ரிப்போர்ட் ஃபைல், சிஸ்டத்திலிருந்து எடுத்த ரா டேட்டா எல்லாம் குவிந்து கிடக்கிறது. எத்தனை நாள் வைத்திருக்கணும்? எதை எப்போது அழிக்கலாம்?

உங்கள் ஆபீஸிலும் யாராவது "எட்டு வருஷம் எதையும் தொடாதே" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கம்பெனிச் சட்டத்தில் எட்டு நிதியாண்டு என்று இருப்பது கணக்குப் புத்தகங்களுக்கும் அவற்றுக்கான வவுச்சர்களுக்கும். நம் டி டிரைவில் கிடக்கும் சிஎஸ்வி கணக்குப் புத்தகம் இல்லை, அதன் மூலம் சிஸ்டத்தில் பத்திரமாக இருக்கிறது. கேஒய்சி ஆவணங்களுக்கு உள்ள ஐந்து வருடக் கணக்கும் அப்படித்தான். மூலம் எங்கே இருக்கிறதோ அங்கே இருந்தால் போதும், நம் கையில் இருக்கும் நகலுக்கு அந்தச் சட்டம் காவல் நிற்காது. 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டமோ, எடுத்த காரியம் முடிந்து, வேறு சட்டமும் வைத்திருக்கச் சொல்லவில்லை என்றால் அழி என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முழுதாக அமலாக அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்தார்கள். நான் வக்கீல் இல்லை, பின்னூட்டத்தில் பிரிவு எண் கேட்டு வராதீர்கள். உங்கள் கம்ப்ளையன்ஸ் ஆளிடம் ஒரு முறை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நான் இருந்தது ஒரு வாகனக் கடன் நிறுவனத்தில். மாதா மாதம் எந்தக் கிளையில் எத்தனை பேர் தவணை தவறினார்கள் என்று ஒரு ரிப்போர்ட். அதற்காக மாத முடிவில் சிஸ்டத்திலிருந்து எல்லாக் கடன்தாரர் விவரத்தையும் ஒரே சிஎஸ்வியாக இறக்குவோம். எவ்வளவு நாள் வைப்பது என்று முடிவு செய்ய நான் சட்டத்தைப் பார்க்கவில்லை, மெயிலைப் பார்த்தேன். இரண்டு வருட மெயிலில் "அந்த மாத எண்ணிக்கை தப்பு, மறுபடி போடு" என்று வந்தவற்றை எல்லாம் தேடினால், ஒன்றைத் தவிர எதுவும் 70 நாளைத் தாண்டவில்லை. அதனால் ரா டேட்டாவுக்கு 90 நாள், ரிப்போர்ட்டுக்கு எட்டு வருஷம். ஆடிட்டோ வழக்கோ நடந்தால் சம்பந்தப்பட்ட மாதத்தை மட்டும் நிறுத்தி வைப்பது. ரிப்போர்ட்டில் வெறும் எண்ணிக்கைதானே இருக்கிறது, யார் பெயரும் இல்லையே என்று நிம்மதியாக இருந்தேன்.

உள் தணிக்கைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி 2021 ஆகஸ்ட் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிளையின் வரிசையில், 61–90 நாள் என்ற பத்தியில், 412 என்று இருந்தது. எண்ணை காப்பி எடுக்கப் போய்த் தெரியாமல் இரட்டை கிளிக் செய்துவிட்டார். புதிதாக ஒரு ஷீட் திறந்து 412 வரிகள் வந்து நின்றன. பெயர், போன் நம்பர், வண்டி நம்பர், ஜாமீன் போட்டவர் பெயர், கடைசியில் வசூல் ஆள் எழுதிய குறிப்பு. ஒன்றில் "கணவர் தவறிவிட்டார், மைத்துனரிடம் பேசவும்" என்று இருந்தது. அதன் சிஎஸ்வியை நான் வருடங்களுக்கு முன்பே அழித்து, பதிவேட்டில் கையெழுத்தும் போட்டிருந்தேன். அந்த ரிப்போர்ட் மாதா மாதம் கிளை மேலாளர்களுக்கும் வெளி வசூல் ஏஜென்சிகள் இரண்டுக்கும் மெயிலில் போய்க்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பிவட் டேபிள் போட்டால் எக்செல் மூல டேட்டா முழுவதையும் ஃபைலுக்குள்ளேயே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். டேட்டா ஷீட்டை நீங்கள் அழித்தாலும் அந்த நகல் போகாது. நாங்கள் எல்லாருமே ஷீட்டை அழித்துவிட்டுத்தான் அனுப்பினோம், நான் மட்டும் செய்த முட்டாள்தனம் இல்லை. இரட்டை கிளிக்கில் விவரம் காட்டுவதை நிறுத்தி வைக்க ஒரு டிக் உண்டு, ஆனால் அது கதவைச் சாத்துகிறது, அவ்வளவுதான். டேட்டா உள்ளேயே இருக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி ஃபைல் அளவு. நாற்பது வரி அட்டவணை 9 எம்பி இருந்தால் உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள். உறுதி செய்ய, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்:

```
for f in *.xlsx; do
  unzip -l "$f" | grep -q pivotCacheRecords && echo "$f"
done
```

பெயர் வந்த ஃபைல் எல்லாம் ரிப்போர்ட் இல்லை, ரா டேட்டா. எங்களிடம் 96 ரிப்போர்ட்டில் 71 இப்படி வந்தது. ஒவ்வொன்றையும் திறந்து, பிவட்டை காப்பி எடுத்து, புதிய ஒர்க்புக்கில் மதிப்புகளாக மட்டும் ஒட்டி, பழையதை அழித்தோம். அதே ஒர்க்புக்கில் ஒட்டினால் பிரயோஜனம் இல்லை, பழைய பிவட்டும் கூடவே இருக்கும். வெளியே போன மெயில்களுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏஜென்சிகளிடம் அழித்துவிட்டதாகக் கடிதம் வாங்கினோம், நம்பினோமா என்பது வேறு.

"சும்மா ரா டேட்டாவை அழித்துவிட்டால், பிறகு எண்ணிக்கையை எப்படி நிரூபிப்பாய்?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: நியாயமான கேள்வி. எங்கள் சிஸ்டத்தில் தவணை தவறிய நாள் கணக்கு தினமும் மேலெழுதப்படும், ஆகஸ்ட் 31 நிலவரத்தைப் பிறகு திரும்ப எடுக்கவே முடியாது. அதனால் 90 நாள் கழித்து ஒல்லியான நகல் ஒன்றை விட்டுவைத்தேன்: கடன் எண், கிளை, எத்தனை நாள், எவ்வளவு தொகை. பெயர், போன், குறிப்பு கிடையாது. கடன் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பதால் இதுவும் தனிநபர் தரவுதான், ஆகவே இதற்கும் ஒரு நாள் குறித்திருக்கிறது. அந்த வருட ஆடிட் முடிந்ததும் போகும். போன் நம்பரை ஹாஷ் செய்து வைத்தால் போதாதா என்றால், இருப்பதே பத்து இலக்கம். எல்லா நம்பரையும் ஹாஷ் போட்டு ஒப்பிட ஒரு சாதாரண லேப்டாப்பே போதும்.

இன்னொன்று, நாளை எதிலிருந்து எண்ணுவது? நான் முதலில் `find -mtime +90 -delete` என்று ராத்திரி வேலையாகப் போட்டிருந்தேன். அப்புறம் சர்வர் மாற்றினார்கள், யாரோ `cp -r` போட்டு நகர்த்தினார்கள், எல்லா ஃபைலுக்கும் அன்றைய தேதி விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதம் வேலை தினமும் வெற்றிகரமாக ஓடி ஒரு ஃபைலையும் அழிக்கவில்லை. இப்போது தேதி ஃபைல் பெயரிலேயே இருக்கிறது, `dpd_raw_2024-03.csv` மாதிரி. வேலை ஓடியதா என்று பார்ப்பதை விட்டுவிட்டேன், திங்கட்கிழமை காலையில் இருப்பதிலேயே பழைய ஃபைல் எந்த மாதத்துடையது என்று மட்டும் பார்ப்பேன்.

இத்தனையும் செய்த வருடம் அப்ரைசலில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? "சராசரி". எக்செல் அனுப்புகிற பையன் என்றுதான் இன்றும் எங்களைச் சொல்கிறார்கள், பையனுக்கு 41 வயது. டாஷ்போர்டில் கலர் மாற்றினவருக்குப் பதவி உயர்வு. சரி, அதை விடுங்கள்.

அந்த 96-க்கு வெளியே இன்னும் இரண்டு ஃபைல் இருக்கின்றன. பாஸ்வேர்ட் போட்டவை, ஜிப்பாகத் திறக்காது, அதனால் மேலே உள்ள கட்டளை ஒரு பிழைச் செய்தியோடு தாண்டிவிடும், உள்ளே பிவட் நகல் இருக்கிறதா என்று சொல்லாது. நீங்களும் அப்படிப்பட்டவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். பாஸ்வேர்ட் போட்டவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. திறக்காமல் அழிக்க மேலாளர் கையெழுத்து வேண்டும். போன மாதம் மறுபடி கேட்டேன், "உள்ளே என்ன இருக்கிறது?" என்றார்.