கதவுக்கடியில் எவ்வளவு இடைவெளி?

கேள்வி: வீட்டிலிருந்தே கால்மிதியும் சின்ன விரிப்புகளும் ஒன்லைனில் விற்கத் தொடங்கியிருக்கிறேன். வாங்கினவர்கள் திருப்பி அனுப்பாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் என்ன விவரம் எழுத வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் சில வருடங்களாக இதே பொருட்களை விற்கிறேன். எனக்குத் திரும்பி வந்தவற்றில் பெரும்பாலானவை தடிப்பால் வந்தவை.

உரும்பிராயில் ஒரு அக்கா வாசலுக்கு உள்ளே போட ஒரு கால்மிதி வாங்கினார். நான் "இழை உயரம் 12 மில்லிமீற்றர்" என்று எழுதியிருந்தேன். இழை உயரம் என்பது அடித்துணிக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் நூல் மட்டும்தான். அடியில் இருந்த 3 மில்லிமீற்றர் இறப்பரை நான் சொல்லவில்லை. மொத்தம் 15. அவருடைய கதவு உள்ளே திறப்பது, கீழே இடைவெளி 13. கதவு மிதியை இழுத்துக்கொண்டே போனது. அதற்குப் பிறகு இழை உயரம், மொத்தத் தடிப்பு இரண்டையும் தனித்தனியாக எழுதி, "கதவு உள்ளே திறந்தால் இடைவெளியை அளந்து பாருங்கள்" என்று ஒரு வரியும் சேர்க்கிறேன்.

அந்தப் பக்கம் செம்பாட்டு மண். உயரமான இழைக்குள் போய் இறங்கினால் தட்டினாலும் முழுதாக வராது. அதனால் வாசலுக்குக் கட்டை இழை, படுக்கையறைக்கு உயர இழை என்று இடத்தையும் சொல்லிவிடுங்கள்.

அளவை நீளம், அகலம் என்று சென்ரிமீற்றரில் எழுதுங்கள். 40 × 60 ஒற்றைக் கதவுக்குப் போதும். இரட்டைக் கதவுக்கு அது சிறிதாகத் தெரியும்.

அடிப்பக்கத்தைப் பற்றி வெறுமனே "வழுக்காது" என்று எழுதினால் போதாது. அது இறப்பர் பாலா, பிவிசியா என்று கேட்டு எழுதுங்கள், ஏனென்றால் கழுவும் முறை அதைப் பொறுத்தது. இறப்பர் பால் பூசியதைச் சுடுநீரில் கழுவி மதிலில் வெயிலுக்குப் போட்டால் நாளடைவில் வெடித்துத் தூளாக உதிரும். குளிர்ந்த நீரில் கழுவி, நிழலில் காயப்போடச் சொல்லுங்கள். தும்பு மிதியை வோஷிங் மெசினில் போடவே கூடாது. தட்டி, உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் சரி. புதிதில் தும்பு கொஞ்சம் உதிரும் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

நிறத்துக்கு நான் இரண்டு சோதனை செய்கிறேன். வெள்ளைத் துணியை நனைத்து இருபது முறை தேய்ப்பேன். துணியில் நிறம் ஏறினால் "தனியாகக் கழுவவும்" என்று போடுவேன். கடும் சிவப்பு, கருநீலப் பருத்தியில் இது அடிக்கடி நடக்கும். அப்புறம், ஒரு மாதிரியின் பாதியை மட்டையால் மூடி இரண்டு வாரம் முற்றத்து வெயிலில் வைப்பேன். மட்டையை எடுத்ததும் இரண்டு பாதியும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, விற்பனைப் படங்களோடு அதையும் போடுகிறேன்.