ஐ.என்.ஆர் வேண்டாம், கிரியேற்றினின் வேணும்: புது இரத்த உறைவுத் தடுப்புக் குளிசைகள் பற்றிக் கேள்வி பதில்

யாழ்ப்பாணம். பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற பொது மருத்துவ நிபுணர்.

கேள்வி (கொக்குவில்): அம்மாவுக்கு நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கில்லை. வார்பரினை நிப்பாட்டி டபிகட்ரான் எழுதித் தந்திருக்கினம். இரத்தம் உறையிற வேகம் பார்க்கிற ஐ.என்.ஆர் சோதனை இனித் தேவையில்லையாம். ஏன் டொக்டர்?

வார்பரின் சுற்றிவளைத்து வேலை செய்கிற மருந்து. விற்றமின் கே இல்லாமல் ஈரலால் சில உறைதல் காரணிகளைச் சரியாகச் செய்ய முடியாது. அந்த இடத்தில்தான் வார்பரின் கை வைக்கும். ஒரு கிழமை முருங்கையிலை வறை கூடினால் ஐ.என்.ஆர் இறங்கும், ஒரு அன்ரிபயோட்டிக் போட்டால் ஏறும். ஒருவருக்கு 2 மி.கி. போதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு 8 மி.கி. வேண்டும். அதனால்தான் 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறதா என்று குத்திக் குத்திப் பார்த்தோம்.

டபிகட்ரான் த்ரொம்பினையே நேரே பிடிக்கும். அபிக்சபானும் ரிவரொக்சபானும் பத்தாம் காரணியைப் பிடிக்கும். சில மணித்தியாலத்தில் உச்சத்துக்குப் போய், ஏறக்குறைய 12 மணித்தியாலத்தில் பாதியாகும். கீரையோடு சண்டை இல்லை. 2009இல் வெளிவந்த ரீ-லை ஆய்வில் டபிகட்ரானை இரத்த அளவு பார்த்து மாற்றாமல், நிலையான அளவில்தான் கொடுத்தார்கள்; 150 மி.கி. இரண்டு நேரம் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் வார்பரின்காரரை விடக் குறைவு.

ஆனால் இரத்தமே எடுக்கத் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். டபிகட்ரானில் 80 வீதம் கிட்னியால் போகிறது. அம்மாவின் வயது என்ன, நிறை என்ன, தசையிலிருந்து வந்து கிட்னியால் வெளியேறும் கழிவான கிரியேற்றினின் எவ்வளவு?

அதே ஆள்: 82 வயது, 48 கிலோ, கிரியேற்றினின் 1.1. நோர்மல் எண்டுதான் றிப்போட்டில கிடக்கு.

அந்த 'நோர்மல்'தான் ஆளை ஏமாற்றும். மெலிந்த வயதானவருக்குத் தசை குறைவு, கிரியேற்றினினும் குறைவாகவே வரும். கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற கணக்கைப் பாருங்கோ: 140இலிருந்து வயதைக் கழித்தால் 58. அதை 48ஆல் பெருக்கி, 72 தரம் 1.1ஆல் பிரித்தால் 35. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க, 30 மட்டில் நிற்கிறது. பல நாடுகளில் 30க்குக் கீழே டபிகட்ரான் கொடுப்பதில்லை. அம்மா அந்த விளிம்பில் நிற்கிறா. இரண்டு நாள் வயிற்றோட்டம் வந்தாலே மருந்து உடம்பில் தேங்கும்.

நானென்றால் அபிக்சபான் பற்றி அவரது டொக்டரோடு கதைப்பேன். அது கிட்னியில் அவ்வளவு தங்கியில்லை. 80 வயதுக்கு மேல், 60 கிலோவுக்குக் கீழ் என்ற இரண்டும் இருப்பதால் அவவுக்கு 2.5 மி.கி. இரண்டு நேரம் வரும். எதுவானாலும் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கிரியேற்றினின் பாருங்கோ. கதைக்காமல் குளிசையை நிப்பாட்ட வேண்டாம்.

கேள்வி (பாமசியில் வேலை செய்பவர், சுன்னாகம்): அபிக்சபான் போடுற ஒருவருக்கு ஐ.என்.ஆர் 1.1. அப்ப குளிசை வேலை செய்யேல்லைத்தானே? ரிவரொக்சபானில ஏறுறதைப் பார்த்திருக்கிறன்.

ரிவரொக்சபானில் ஏறலாம், அது சரி. அபிக்சபானில் முழு அளவு ஓடும்போதும் 1.1 வரும். அதைப் பார்த்து அளவைக் கூட்டினால் இரத்தக்கசிவுதான். அந்தந்த மருந்துக்கென்று அளவுதிருத்திய பத்தாம் காரணிச் சோதனைதான் அளவைச் சொல்லும். டபிகட்ரான் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க த்ரொம்பின் நேரம் என்ற சோதனை போதும். அது சாதாரணமாக இருந்தால் மருந்து உடம்பில் இல்லை என்றே எடுக்கலாம்.

கேள்வி (சாவகச்சேரி): எனக்கு 31 வயது, செயற்கை வால்வு. கை முழுக்க ஊசி அடையாளம். நானும் மாறலாமோ?

மாற வேண்டாம் தம்பி. உலோக வால்வுக்காரருக்கு டபிகட்ரான் கொடுத்த ஆய்வைக் கட்டி உறைவதும் கசிவதும் கூடியதால் இடையிலேயே நிப்பாட்டினார்கள். உங்களுக்கு வார்பரினும் ஐ.என்.ஆரும்தான்.

கேள்வி (உரும்பிராய்): அப்பா கிணத்தடியில வழுக்கி இடுப்பெலும்பு முறிஞ்சுது. ரிவரொக்சபான் போடுறவர். வார்ட்டில திரும்பத் திரும்பக் 'கடைசிக் குளிசை எத்தினை மணிக்கு' எண்டுதான் கேட்டவை.

சரியான கேள்வி அது. இரத்தத்தில் மருந்தின் அளவு தெரியவேண்டிய நேரம் இதுதான்: அவசர சத்திரசிகிச்சை, நிற்காத கசிவு, குளிசை போட்டும் வந்த பக்கவாதம். ஒரு மில்லிலீற்றருக்கு 30 நனோகிராமுக்குக் கீழே என்றால் பெரிய சத்திரசிகிச்சைக்கும் அநேகமாகப் போகலாம். சோதனை கிடைக்காவிட்டால் கடைசிக் குளிசையின் நேரத்தையும் கிட்னியையும் வைத்துத்தான் கணக்கிடுவோம்; கிட்னி நல்லாயிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு நாள். மருந்து மட்டையில் நேரத்தை எழுதி வைக்கிற வீடுகளுக்கு வார்ட்டில் பெரிய மதிப்பு.

கேள்வி (மருத்துவ மாணவி): அப்ப 38 கிலோ ஆளுக்கோ வலிப்புக்குப் பெனிற்றோயின் எடுக்கிறவருக்கோ அளவு பார்த்து டோஸை மாத்தலாமே?

பெனிற்றோயின், காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின் இரண்டும் இந்தப் புது மருந்துகளை வேகமாக உடைத்துவிடும். அங்கே அளந்துகொண்டிருப்பதை விட வார்பரினுக்குப் போவதுதான் என் தெரிவு. 38 கிலோவில் ஒருதரம் அளந்து பார்ப்பேன், அடுத்த குளிசைக்குச் சற்று முன்னர். அளவு கூடக் கூடக் கசிவு கூடும் என்பது தெரியும். ஆனால் ஐ.என்.ஆருக்கு 2–3 போல இங்கே இலக்கு இல்லை; அளவைப் பார்த்து டோஸ் மாற்றினால் நோயாளிக்கு நல்லது என்று எந்த ஆய்வும் உறுதியாகக் காட்டவில்லை. என்னோடு வேலை செய்தவர்களே இதில் இரண்டு பக்கம்.